‘அவனிடம் வாங்கிக்கொள்’ என்றால் ஹவாலா ஆகிவிடுமா?

அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். நான் கைலி மொத்த வியாபாரம் செய்கிறேன். பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் என் மச்சான் எனக்கு மூன்று லட்சம் தர வேண்டும். ரமழான் பிறை இருபதுக்குள் தருவதாகப் பேச்சு. தேதி வந்ததும் கேட்டேன். “மாப்ளே, ரெடிமேட் கடைக்காரர் ஒருத்தர் எனக்கு நாலு லட்சம் தரணும், அதுல மூணை நீ அவர்கிட்டயே வாங்கிக்கோ” என்றார். என் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டும் சொன்னார். அவர் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துத் தருவதாகச் சொன்னார். நானும் சரி என்றேன். இப்போது பெருநாள் முடிந்து, அவர் கடை பூட்டிக் கிடக்கிறது. ஆள் மலேசியா போய்விட்டார் என்கிறார்கள். மச்சானிடம் கேட்டால், “அது ஹவாலா, நம்ம ஷாஃபிஈ மத்ஹபுல திரும்பி வரக் கூடாது” என்கிறார். எங்கள் பள்ளி இமாம் ஹனஃபி, அவர் “தாராளமா திரும்பக் கேட்கலாம்” என்கிறார். மச்சான் எழுதிக் கொடுத்த தேதி போடாத செக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யார் சொல்வது சரி? அதோடு, ஹவாலா என்றாலே அரசாங்கம் பிடிக்கிற விஷயம் இல்லையா?

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. செய்தித்தாளில் வரும் ஹவாலா என்பது வங்கிக்கு வெளியே நாடு விட்டு நாடு பணம் அனுப்புவது, இலங்கையில் அதை உண்டியல் என்பார்கள், இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் விதிமீறல். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஃபிக்ஹு நூல்களில் ஹவாலா என்று தனிப் பாடமாக வருவது வேறு. ஒருவர் தலைமேல் இருக்கிற கடனை இன்னொருவர் தலைக்கு மாற்றிவிடுவது, அவ்வளவுதான். உங்கள் மச்சான் சொல்வது இந்த இரண்டாவதை, அதனால் போலீஸ் பயம் வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். உங்கள் மச்சான் சொன்ன சட்டம் சரி, இமாம் சொன்னதிலும் பாதி சரி. ஆனால் இரண்டு பேருமே முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். ஹவாலா நடந்தபிறகு திரும்ப வரலாமா கூடாதா என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் விஷயத்தில் ஹவாலா என்ற ஒன்று நடந்ததா என்பதே முதல் கேள்வி, அதைத்தான் யாரும் கேட்கவில்லை. என்னிடம் வருகிற ஹவாலா தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

மச்சான் சொன்ன சட்டத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், அது எவ்வளவு கடுமையானது என்று தெரிந்தால்தான் அதற்கு ஏன் இத்தனை நிபந்தனை வைத்தார்கள் என்பது புரியும். ஹவாலா சரியாக நிறைவேறிவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த நொடியே மூன்று காரியம் நடக்கிறது. உங்கள் கடனிலிருந்து மச்சான் விடுபடுகிறார். மச்சானின் கடனிலிருந்து, அந்தத் தொகை அளவுக்கு, ரெடிமேட்காரர் விடுபடுகிறார். உங்கள் உரிமை ரெடிமேட்காரர் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அவர் நொடித்துப் போனாலும், “அப்படி ஒரு கடனே இல்லை” என்று மறுத்துச் சத்தியம் செய்தாலும் நீங்கள் மச்சானிடம் திரும்பி வர முடியாது. இமாம் நவவி தம் மின்ஹாஜில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: மாற்றிவிட்ட நேரத்திலேயே அந்த ஆள் நொடித்திருந்து அது உங்களுக்குத் தெரியாமல் இருந்தாலும் திரும்பி வர வழியில்லை. விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டது உங்கள் பொறுப்பு. “அவர் வசதியான ஆள் என்றால்தான் ஏற்பேன்” என்று நிபந்தனை போட்டிருந்தால் திரும்பலாம் என்று ஒரு கருத்து உண்டு, ஆனால் அது மத்ஹபில் பலவீனமான கருத்தாகவே சொல்லப்படுகிறது.

கேட்கும்போது அநியாயம் போலத் தோன்றும், ஆனால் அதன் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. இந்த மத்ஹபின் பார்வையில், ஹவாலாவை ஏற்றுக்கொண்டவர் தம் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டவர் மாதிரி. வாங்கிய நோட்டு அப்புறம் வழியில் தொலைந்தால் கொடுத்தவரிடம் போய் நிற்க முடியுமா? அப்படித்தான் இதுவும். நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது: வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம், உங்களில் ஒருவரை வசதியுள்ள ஒருவரிடம் மாற்றிவிட்டால் அவர் அதை ஏற்றுக்கொள்ளட்டும். இமாம் ஷாஃபிஈயின் வாதம் இந்த ‘வசதியுள்ள’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறது. திரும்பி வரலாம் என்றிருந்தால், மாற்றிவிடப்படுகிற ஆள் வசதியுள்ளவராக இருக்க வேண்டும் என்று ஏன் சொல்ல வேண்டும், இவரிடம் கிடைக்காவிட்டால் பழையவரிடம் போகலாமே என்கிறார். நூல்களில் ஒரு சம்பவமும் வரும். ஸயீத் இப்னுல் முஸய்யபின் பாட்டனார் ஹஸ்ன் என்பவருக்கு அலீ (ரலி) அவர்கள் ஒரு கடன் தர வேண்டியிருந்தது, அதை வேறொருவர் மேல் மாற்றிவிட்டார்கள், அந்த ஆள் இறந்துவிட்டார். ஹஸ்ன் திரும்பி வந்தபோது, எங்களை விட்டு அவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாயே என்று அலீ (ரலி) திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

ஒரு சின்ன விஷயம், பலரும் தவறாகப் புரிந்திருப்பது. ‘ஏற்றுக்கொள்ளட்டும்’ என்ற சொல்லால் மச்சான் யாரைக் காட்டினாலும் நீங்கள் ஏற்றே ஆக வேண்டும் என்று ஆகாது. ஹன்பலி மத்ஹபில், வசதியுள்ளவர் மேல் மாற்றிவிட்டால் ஏற்பது கடமை. ஷாஃபிஈ உட்பட மற்றவர்களிடம் அது விரும்பத்தக்கது மட்டுமே. அதாவது அன்றைக்கே நீங்கள் “எனக்கு அவரைத் தெரியாது, நீங்களே கொடுங்க மச்சான்” என்று சொல்லியிருக்கலாம், ஒரு குற்றமும் இல்லை. சரி, அது போனது போகட்டும்.

இவ்வளவு கடுமையான விளைவு இருப்பதால்தான் நுழைவாசலை ஷாஃபிஈ அறிஞர்கள் குறுகலாக வைத்தார்கள். மாற்றிவிடுகிறவரும் கடனைப் பெற வேண்டியவரும் சம்மதிக்க வேண்டும், ரெடிமேட்காரரின் சம்மதம் தேவையில்லை. அவர் எப்படியும் கொடுக்க வேண்டியவர்தானே, யார் கையில் கொடுத்தால் என்ன? மாற்றிவிடப்படுகிறவர் மாற்றிவிடுகிறவருக்கு உண்மையிலேயே கடன்பட்டிருக்க வேண்டும். ரெடிமேட்காரர் மச்சானுக்கு நயா பைசா தர வேண்டியதில்லை என்றால் அது ஹவாலாவே இல்லை. இதுவரை உங்கள் விஷயத்தில் சிக்கல் இல்லை, நாலு லட்சம் கடன் இருந்தது, அதில் மூன்றை மட்டும் மாற்றுவதும் செல்லும். அடுத்த நிபந்தனைதான் உங்களுக்கு முக்கியம்.

இரண்டு கடனும் எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும். ரூபாய்க்கு ரூபாய், மூன்று லட்சத்துக்கு மூன்று லட்சம், இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தவணையும் ஒத்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒன்று இன்றே தர வேண்டிய கடனாகவும் மற்றது மூன்று மாதம் கழித்துத் தர வேண்டிய கடனாகவும் இருந்தால், மத்ஹபில் பலமான கருத்தின்படி ஹவாலா செல்லாது. காரணத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு கடனைக் கொடுத்து இன்னொரு கடனை வாங்குவது அடிப்படையில் தடுக்கப்பட்ட விற்பனை. ஹவாலாவும் அந்த வடிவம்தான், ஜனங்களின் தேவைக்காக இதற்கு மட்டும் சலுகை கொடுத்தார்கள் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் விளக்குகிறார்கள். சலுகை என்பது ஒருவருக்கொருவர் உதவிக்காக, லாபத்துக்காக இல்லை. தொகையிலோ தவணையிலோ வித்தியாசம் வந்துவிட்டால் யாரோ ஒருவர் எதையோ விற்று எதையோ வாங்குகிறார் என்று ஆகிவிடும், உதவி வியாபாரமாகிவிடும்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். மச்சான் உங்களுக்குத் தர வேண்டிய கடன் பிறை இருபதிலேயே முதிர்ந்துவிட்டது. ரெடிமேட்காரர் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து என்றார். ரமழான் பிறை இருபதிலிருந்து துல்ஹஜ் பத்து வரை ஏறக்குறைய 80 நாள். இந்த 80 நாள் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதை உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இரண்டு விதமாக இருக்கலாம்.

மச்சான் அவருக்குச் சரக்கு கொடுத்தபோதே “பணம் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து” என்று தவணை பேசியிருக்கலாம். அப்படியென்றால் ரமழானில் அந்தக் கடன் முதிரவே இல்லை. முதிர்ந்த கடனை முதிராத கடன்மேல் மாற்றியிருக்கிறார், ஹவாலா செல்லாது, மச்சானின் மூன்று லட்சம் அசையாமல் அவர் தலையிலேயே இருக்கிறது. மச்சான் எந்த மத்ஹபைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாரோ அதே மத்ஹபுதான் அவரைப் பிடித்துக் கொடுக்கிறது.

இல்லை, சரக்குக் கடன் ஷஃபானிலேயே முதிர்ந்துவிட்டது, போனில் அவர் “கொஞ்சம் டைம் குடுங்க, பெருநாள் கழிச்சுத் தரேன்” என்று கெஞ்சினார், அவ்வளவுதான் என்றால் கதை வேறு. கடன் இரண்டும் முதிர்ந்தவை, ஒத்திருக்கின்றன. அவர் கேட்டது அவகாசம், தவணை மாற்றம் அல்ல. நீங்கள் கொடுத்தது உங்கள் பெருந்தன்மை. அதனால் ஹவாலா கெடாது.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்ப்பேச்சை விட்டுவிடுங்கள், மச்சானின் பில் புத்தகத்தைக் கேளுங்கள். மொத்த வியாபாரி நீங்கள், உங்களுக்குத் தெரியும், பில்லின் அடியில் ‘30 நாள்’ என்றோ ‘பெருநாள்’ என்றோ கிறுக்கியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அவர்கள் இருவரின் பழைய வரவு செலவைப் பாருங்கள், முந்தைய வருஷம் எத்தனை நாளில் பணம் வந்திருக்கிறது என்று. ஒவ்வொரு வருஷமும் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துத்தான் தீர்த்திருக்கிறார் என்றால் அவர்களுக்கிடையில் தவணை பேசப்பட்டிருக்கிறது என்பதற்கு அது பலமான அடையாளம்.

சரி, பில் உங்களுக்கு எதிராக இருக்கிறது, கடன்கள் ஒத்திருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மச்சான் ஜெயித்துவிடவில்லை. ஏனென்றால் “நீ அவர்கிட்டயே வாங்கிக்கோ” என்ற சொல் ஹவாலாவா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் வரும். “உன் உரிமையை அவர்மேல் மாற்றிவிட்டேன், இனி நமக்குள் ஒன்றும் இல்லை” என்பது ஒன்று, அது ஹவாலா. “என் சார்பில் போய் என் பணத்தை வசூல் பண்ணு, வந்ததும் உன் கடனுக்கு வைத்துக்கொள்” என்பது இன்னொன்று, அது வகாலா, அதாவது முகவர் வேலை. வகாலா என்றால் வசூலாகும் வரை மச்சான் கடனாளிதான். நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு நாளைக்கு நூறு முறை ஒலிக்கும் இந்த வாக்கியம் பெரும்பாலும் இரண்டாவது பொருளில்தான் சொல்லப்படுகிறது என்பது என் அனுபவம். சொல்கிறவரும் கேட்கிறவரும் “கிடைக்கலைன்னா பார்த்துக்கலாம்” என்றுதான் மனதில் வைத்திருப்பார்கள்.

இதே தகராறு மின்ஹாஜில் அப்படியே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? கடன்பட்டவர் “நான் ஹவாலா செய்தேன்” என்கிறார், பெற வேண்டியவர் “இல்லை, என்னை வசூலுக்கு முகவராக்கினாய்” என்கிறார். யார் பேச்சு எடுபடும்? இரண்டாமவர் பேச்சுதான், சத்தியத்தோடு. அதாவது நீங்கள் சத்தியம் செய்தால் உங்கள் பேச்சு எடுபடும், கடன் மச்சான் மேலேயே நிற்கும். உங்கள் உரிமை அவர் தலையில் இருந்தது உறுதி, அது நகர்ந்துவிட்டது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஆனால் சொல் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்தால்தான் இப்படி. “உனக்கு என்மேல் உள்ள மூன்று லட்சத்தை எனக்கு அவர்மேல் உள்ள மூன்று லட்சத்துக்கு மாற்றினேன்” என்று தெளிவாகச் சொல்லி நீங்களும் ஏற்றிருந்தால், பிறகு முகவர் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன் தம்பி. சத்தியம் செய்கிற இடத்தில், அன்றைக்கு உங்கள் மனதில் இருந்ததைத்தான் சொல்ல வேண்டும். ‘சரி’ என்று சொன்னபோது “மச்சான் கணக்கு முடிஞ்சுது” என்று நினைத்தீர்களா, உங்கள் நோட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டீர்களா? போட்டிருந்தால் சத்தியம் செய்யாதீர்கள், மூன்று லட்சம் போனாலும் போகட்டும். போடவில்லை, அவர் பெயரிலேயே பற்று நின்றுகொண்டிருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். செக்கை நீங்கள் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை என்பது உங்கள் பக்கம் பேசுகிறது. ஹவாலா ஆனால் பழைய கடனுக்கு வாங்கிய அடமானமும் ஜாமீனும் கூடவே விழுந்துவிடும். செக் அடமானம் இல்லைதான், ஆனால் கடன் தீர்ந்ததாக நினைக்கிற மனிதர் தன் கையெழுத்துப் போட்ட செக்கை 80 நாள் அடுத்தவர் மேசையில் விட்டுவைப்பாரா? மச்சானிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். (அந்தச் செக்கில் கோபத்தில் நீங்களாகத் தேதி எழுதி வங்கியில் போட்டுவிடாதீர்கள். வக்கீலைப் பார்க்காமல் அதைத் தொட வேண்டாம்.)

இப்போது உங்கள் இமாம் சொன்னதற்கு வருகிறேன். ஹனஃபி மத்ஹபில் திரும்பி வரலாம் என்பது உண்மை, ஆனால் ‘தாராளமாக’ இல்லை. அவர்கள் பார்வையில், ஏற்றுக்கொண்டவர் பழைய ஆளை விடுவிப்பதே தம் பணம் பத்திரமாக வந்து சேரும் என்ற உள்ளார்ந்த நிபந்தனையோடுதான். பணம் ‘தவா’ ஆகிவிட்டால், அதாவது வசூலாக வழியின்றி அழிந்துவிட்டால், கடன் பழைய தலைக்குத் திரும்புகிறது. ஒரு முஸ்லிமின் பணம் அழிந்துபோக விடக்கூடாது என்ற கருத்தில் உஸ்மான் (ரலி) அவர்களின் கூற்று ஒன்றையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் தவா எப்போது? இமாம் அபூ ஹனீஃபாவிடம் இரண்டே வழி: மாற்றிவிடப்பட்டவர் ஹவாலாவையே மறுத்துச் சத்தியம் செய்துவிட வேண்டும், நிரூபிக்கச் சாட்சியும் இருக்கக் கூடாது. அல்லது ஒன்றுமில்லாமல் நொடித்த நிலையில் இறந்துவிட வேண்டும். அவருடைய மாணவர்கள் அபூ யூஸுஃபும் முஹம்மதும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: அவர் உயிரோடு இருக்கும்போதே நீதிபதி அவரை நொடித்தவர் என்று தீர்ப்புச் சொல்வது. அபூ ஹனீஃபா அதை ஏற்கவில்லை, பணம் என்பது வரும் போகும், இன்றைக்கு இல்லாதவனுக்கு நாளைக்குக் கிடைக்கலாம் என்பது அவர் நியாயம்.

உங்கள் ரெடிமேட்காரர் இவற்றில் எதில் வருகிறார்? அவர் மறுக்கவில்லை, இறக்கவில்லை, எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மலேசியாவில் இருக்கிறார், அங்கே சம்பாதித்துக்கொண்டும் இருக்கலாம். ஆக ஹனஃபி சட்டத்தை எடுத்தால் இன்றைய தேதியில் நீங்கள் திரும்பி வர முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், தவணை வித்தியாசம் ஹனஃபிகளிடம் ஹவாலாவைக் கெடுக்காது, ரெடிமேட்காரர் போனில் சம்மதித்ததும் அவர்கள் கேட்கிற நிபந்தனையை நிறைவேற்றிவிட்டது. அதனால் உங்களுக்கு உதவுவதாக நினைத்து இமாம் காட்டிய மத்ஹபு உங்களுக்குக் கதவை மூடுகிறது, உங்களை மடக்குவதாக நினைத்து மச்சான் காட்டிய மத்ஹபு திறக்கிறது. இதனால்தான் இங்கே ஒரு துண்டும் அங்கே ஒரு துண்டும் பிடுங்கிச் சேர்க்காதீர்கள் என்று சொல்கிறோம். நீங்கள் இருவரும் ஷாஃபிஈ, பேச்சை முழுக்க அங்கேயே நடத்துங்கள்.

மாலிக்கி மத்ஹபையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மச்சானின் மனசாட்சியோடு சம்பந்தப்பட்டது என்பதால். அவர்களிடம் பொதுவாகத் திரும்பி வர முடியாது, ஆனால் அந்த ஆள் நொடித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டே மாற்றிவிட்டவர் உங்களை ஏமாற்றியவர், அவரிடம் திரும்பலாம். ரெடிமேட்காரர் கடையைக் காலி செய்யப்போகிறார் என்று ரமழானிலேயே மச்சானுக்குத் தெரிந்திருந்தது என்றால், ஷாஃபிஈ சட்டத்தில் அவர் ஒருவேளை தப்பினாலும் ஏமாற்றிய பாவம் தப்பாது. ஊரில் மெல்ல விசாரித்துப் பாருங்கள், கடை வாடகை எத்தனை மாதம் பாக்கி நின்றது என்பது பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியும்.

யார் கடனாளி என்பது மட்டுமில்லை, ரெடிமேட்காரரின் கடையில் மிஞ்சியிருப்பதில் யார் பங்கு கேட்பது என்பதும் இதைப் பொறுத்துத்தான். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: கடை அட்வான்ஸும் கிடக்கிற சரக்கும் சேர்ந்து இரண்டு லட்சம் தேறுகிறது, மச்சானின் நாலு லட்சம் போக மற்றவர்களுக்கும் நாலு லட்சம் தர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கடன் எட்டு லட்சம், ரூபாய்க்கு நாலணா கிடைக்கும். ஹவாலா செல்லும் என்றால் நீங்கள் மூன்று லட்சத்துக்கு 75,000 வாங்குவீர்கள், மச்சான் மிச்சமுள்ள ஒரு லட்சத்துக்கு 25,000 வாங்குவார், உங்களுக்கு 2,25,000 தொங்கும். செல்லாது என்றால் நாலு லட்சத்துக்கும் அவரே நின்று ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்டு உங்களுக்கு மூன்று லட்சத்தையும் தர வேண்டும். ஆகவே முடிவு தெரியும் வரை இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், சரக்கை வேறு யாரும் அள்ளிக்கொண்டு போகாமல் சேர்ந்து போய்ப் பாருங்கள். அதில் இருவருக்குமே லாபம்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஜமாஅத்தில் தீராவிட்டால் அங்கேதான் போய் நிற்பீர்கள், வியாபாரக் கடனுக்குக் கோர்ட்டில் ஷரீஅத் பேச முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதிது வைப்பதைப் பற்றியது. அதன் கீழே கொடுத்திருக்கிற முதல் உதாரணமே ஹவாலா மாதிரிதான்: அ என்பவர் ஆ-வுக்குக் கடன்பட்டிருக்கிறார், இனி ஆ இ-யையே கடனாளியாக ஏற்றுக்கொள்வது என்று மூவரும் ஒத்துக்கொள்கிறார்கள், பழைய கடன் முடிந்தது, புதுக் கடன் பிறந்தது. மூவரும் என்பதைக் கவனியுங்கள், ஷாஃபிஈயில் தேவைப்படாத மூன்றாவது ஆளின் சம்மதம் இங்கே வேண்டும். உங்கள் போன் பேச்சில் அது இருந்தது என்று மச்சானின் வக்கீல் சொல்வார். “பதிலாக” ஏற்றேனா, “வசூலுக்கு” ஏற்றேனா என்று உங்கள் வக்கீல் கேட்பார். சுற்றி வந்து அதே இடம்தான். ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் காலம், எப்போதிலிருந்து என்பது விஷயத்தைப் பொறுத்தது. காலம் முடிவதற்குள் மச்சானிடம் “இவ்வளவு தர வேண்டியிருக்கிறது” என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிவிட்டால் கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓடும்.

நடைமுறையில் என்ன செய்வது என்றால், வீட்டுப் பெண்களை இதில் இழுக்காமல், இரண்டு பக்கமும் மதிக்கிற பெரியவர்கள் இரண்டு பேரோடு மச்சானைச் சந்தியுங்கள். மத்ஹபைப் பேசாதீர்கள். பில்லைக் காட்டச் சொல்லுங்கள். தவணை ஹஜ்ஜுப் பெருநாள் என்று இருந்தால் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள், பெரியவர்கள் கேட்கட்டும். அவருக்கும் நாலு லட்சம் போயிருக்கிறது என்பதை மறக்காதீர்கள், மொத்தமாகக் கேட்டால் கல்லாவைப் பூட்டிக்கொள்வார், மாதத் தவணைக்கு எழுதி வாங்குங்கள்.

இனிமேல் யாராவது இப்படிச் சொன்னால் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். கணக்கை உண்மையிலேயே மாற்றிக்கொள்ள நீங்கள் தயார் என்றால், ஆளை விசாரித்துவிட்டு, ஒரு தாளில் இப்படி எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள்:

“இன்ன தேதியில் முதிர்ந்த ரூ. 3,00,000 நான் இன்னாருக்குத் தர வேண்டும். இன்னார் எனக்குத் தர வேண்டிய, இன்ன தேதியில் முதிர்ந்த தொகையில் ரூ. 3,00,000-ஐ அவருக்கு மாற்றிவிட்டேன். அவர் ஏற்றுக்கொண்டார். இதனால் என் கடன் தீர்ந்தது. என் செக் திருப்பித் தரப்பட்டது.”

மாற்றிக்கொள்ளத் தயாரில்லை, பழைய ஆளும் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றால் ஹவாலா என்ற சொல்லையே எடுக்காதீர்கள். “கிடைக்கலைன்னா உங்ககிட்ட வருவேன்” என்ற நிபந்தனையை ஹவாலாவில் சேர்த்தால் அந்த ஹவாலாவே கெட்டுவிடும் என்பது பிற்கால ஷாஃபிஈ ஆசிரியர்கள் பலரின் முடிவு. உங்களுக்கு வேண்டியது ஜாமீன், கஃபாலா. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு நகர்வது ஹவாலா, இரண்டு தலையும் சேர்ந்து நிற்பது கஃபாலா. ரெடிமேட்காரர் மச்சானின் கடனுக்கு ஜாமீன் நிற்கிறார் என்று எழுதி வாங்கினால் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

பில்லில் என்ன தவணை போட்டிருந்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.